தமிழ் சொன்னதும் ஆங்கிலமா, நடுவில் ஆங்கிலமா, தனிப் பகுதியாக ஆங்கிலமா? இருமொழி வகுப்புக்குப் பாடத்திட்டம் எழுத மூன்று வழிகள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை மாணவர்களுக்குத் தமிழ் கற்பிப்பவர்களும், வார இறுதியில் துணைப்பாட வகுப்பு நடத்துபவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வகுப்பில் ஆங்கிலம் இல்லாமல் முடியவில்லை. சரி, பயன்படுத்துகிறேன். ஆனால் பாடத்திட்டத்தில் அதை எங்கே எழுதுவது?"

ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தைவிட எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. நம் வகுப்பறைகளைப் பாருங்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை ஒரு பக்கம். தமிழ்நாட்டிலிருந்து குடிவந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத பிள்ளை இன்னொரு பக்கம். வீட்டில் முழுக்க ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் பலர். மலையாளமோ தெலுங்கோ பேசும் வீட்டிலிருந்து வந்து தமிழைத் தாய்மொழிப் பாடமாக எடுத்தவர்களும் இருப்பார்கள். சிங்கப்பூர் இந்தியர்களின் வீடுகளில் ஆங்கிலமே அதிகம் பேசப்படுகிறது என்று 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் காட்டியது. இப்படிப்பட்ட வகுப்பில் ஆங்கிலம் எப்படியும் வந்துவிடும். திட்டத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்காவிட்டால், ஆசிரியர் களைத்துப்போன நேரத்தில், அது வரவே கூடாத இடத்தில் வரும்.

அந்த இடத்தை ஒதுக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் ஒரே பாடத்தில் வைத்து ஒப்பிடுகிறேன். வெவ்வேறு பாடங்களை உதாரணமாக எடுத்தால் எது எதனால் சரிப்பட்டது என்று தெரியாமல் போகும்.

## எடுத்துக்கொண்ட பாடம்

தொடக்கநிலை 3. ஒரு மணி நேரம், அதாவது இரண்டு பாடவேளை. தலைப்பு: சந்தையில் பொருள் வாங்குதல். விலை கேட்பது, விலை சொல்வது, "இது வேணாம், அது குடுங்க" என்று மாற்றிக்கொள்வது ஆகிய மூன்றையும் பிள்ளைகள் பேச்சுத் தமிழில் செய்ய வேண்டும்.

நடவடிக்கை இருவர் இருவராகச் செய்வது. ஒருவரிடம் விலை அட்டை இருக்கும். தேக்கா சந்தையில் பார்ப்பது போன்ற பொருள்கள்: மீன் 6 வெள்ளி, முட்டை 3 வெள்ளி, கீரை 1 வெள்ளி 50 காசு, தக்காளி 2 வெள்ளி, வாழைப்பழம் 3 வெள்ளி 50 காசு. மற்றவரிடம் விலை இல்லாத பொருள் பட்டியலும் பத்து வெள்ளியும் இருக்கும். அவர் விலை கேட்டு எழுதிக்கொண்டு, பத்து வெள்ளிக்குள் மூன்று பொருள் வாங்க வேண்டும்.

பட்டியலின் வரிசையை நான் வேண்டுமென்றே மீன், முட்டை, கீரை என்று தொடங்குகிறேன். இந்த மூன்றையும் சேர்த்தால் 10 வெள்ளி 50 காசு. கட்டளை புரியாத பிள்ளை பெரும்பாலும் மேலிருந்து மூன்றை எடுத்துவிட்டு, முடித்துவிட்டதாகக் கை தூக்கும். தாளைப் பார்த்ததுமே அதற்கு எந்தக் கட்டளை போய்ச் சேரவில்லை என்று தெரிந்துவிடும். "புரிஞ்சுதா?" என்று கேட்கவே தேவையில்லை. அந்தக் கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டுவார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு அளவுகோல்கள் போதும்.

முதலாவது, பிள்ளை வேலையைச் சரியாகத் தொடங்குகிறதா. இரண்டாவது, தொடங்கியது தமிழைக் கேட்டா, ஆங்கிலத்தைக் கேட்டா. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான் பெரும்பாலான திட்டங்கள் ஏமாந்துபோகின்றன. வகுப்பு சலசலப்பில்லாமல் வேலை செய்கிறது என்பதால் தமிழ் புரிந்துவிட்டது என்று ஆகாது.

மூன்றாவது, திட்டம் எழுத ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும். வாரத்துக்குப் பல வகுப்புகள் எடுப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. நான்காவது, வாரங்கள் போகப் போக ஆங்கிலம் குறைய அந்த வழியில் இடம் இருக்கிறதா. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் பிள்ளை ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வாளரோடு தமிழிலேயே உரையாட வேண்டும். அங்கே ஆங்கிலத் துணை கிடையாது. ஆகவே குறைவதற்கு வழியில்லாத எந்த உதவியும் கடைசியில் பிள்ளையை நடுவழியில் விட்டுவிடும்.

## ஆங்கிலத்தைத் தொடுமுன் தமிழைப் பாருங்கள்

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு வேலை இருக்கிறது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இதே நடவடிக்கைக்கான கட்டளை பயிற்சித்தாளில் இப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: "விலை அட்டையை உங்கள் இணையருக்குக் காட்டாமல், அவர் கேட்கும் விலைகளை மட்டும் கூறி, பத்து வெள்ளிக்கு மேற்படாதவாறு மூன்று பொருள்களை வாங்கச் செய்யவும்."

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கே இது கடினம். காரணம் சொற்கள் மட்டுமல்ல. தமிழில் வினை கடைசியில் வருகிறது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதற்கு முன்பே பிள்ளை அட்டை, இணையர், விலை, பத்து வெள்ளி, மூன்று பொருள் என்று ஐந்து செய்திகளை மனத்தில் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எதிர்மறையும் வினையின் வாலில்தான் ஒட்டியிருக்கிறது. "காட்டக்கூடாது" என்று சொன்னால் அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை "காட்ட" என்பதைப் பிடித்துக்கொண்டு அட்டையை நீட்டிவிடும்.

இதையே ஐந்து கட்டளைகளாக, பேச்சுத் தமிழில், ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே வேலை மட்டும் இருக்கும்படி உடைக்கலாம்.

1. ரெண்டு ரெண்டு பேரா உட்காருங்க.
2. உங்க அட்டையை மறைச்சு வச்சுக்கோங்க.
3. வாங்குறவர் விலை கேளுங்க. விக்கிறவர் விலை சொல்லுங்க.
4. கேட்ட விலையைத் தாள்ல எழுதுங்க.
5. மூணு பொருள் வாங்கணும். பத்து வெள்ளிதான் இருக்கு. அதுக்கு மேல போகக்கூடாது.

இரண்டாவது கட்டளையில் "காட்டக்கூடாது" போய் "மறைச்சு வச்சுக்கோங்க" வந்திருப்பதைக் கவனியுங்கள். செய்யக்கூடாததைச் சொல்வதற்குப் பதில் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். கையால் செய்து காட்டவும் முடிகிறது.

2005-இல் வந்த தமிழ் பாடத்திட்ட மறுஆய்வு, தரமான பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்தியது. மாணவர் உரையாடல் என்றதும் அதை நினைவில் வைத்துக்கொள்ளும் நாம், நமது கட்டளைகள் என்று வரும்போது மறந்துவிடுகிறோம். கட்டளை எழுத்துத் தமிழிலும், அதன் விளக்கம் ஆங்கிலத்திலும் இருந்தால், பிள்ளைக்குப் பேச்சுத் தமிழ் எங்கிருந்தும் கிடைப்பதில்லை.

இப்படி உடைத்த பிறகு ஐந்தில் எத்தனைக்கு ஆங்கிலம் உண்மையாகவே தேவை? 1, 2, 4 மூன்றையும் செய்கையாலேயே காட்டிவிடலாம். மிஞ்சுவது 3-உம் 5-உம். மூன்றாவதில் யார் யார் எந்தப் பாத்திரம் என்ற குழப்பம் வரும். ஐந்தாவதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, நிபந்தனையைக் கையால் காட்ட முடியாது. ஆக, மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது நாம் உண்மையில் பேசுவது இந்த இரண்டு கட்டளைகளைப் பற்றித்தான்.

## முதல் வழி: உடனுக்குடன் மொழிபெயர்ப்பு

ஒவ்வொரு தமிழ் வாக்கியத்துக்கும் பின்னால் அதன் ஆங்கிலம். திட்டத்தில் இரண்டு பத்தி: இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். எழுதுவது எளிது. மாற்றாசிரியர் வந்தாலும் பிடித்துக்கொள்வார். பிள்ளைகள் எல்லோரும் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். முதல் அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

இந்த வழி நேரத்தை விழுங்குகிறது என்று பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஐந்து கட்டளைக்கும் ஆங்கிலம் சேர்த்தால் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகலாம், அவ்வளவுதான். உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தின் பின்னால் ஆங்கிலம் தவறாமல் வரும் என்று பிள்ளைக்கு இரண்டே பாடத்தில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் தமிழ் வாக்கியம் அதற்கு வெறும் காத்திருப்பு நேரம். பென்சில் பெட்டியைத் திறந்து மூடும், பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது சொல்லும், ஆங்கிலம் தொடங்கியதும் நிமிரும். அமெரிக்காவின் இருமொழி வகுப்புகளை ஆராய்ந்த லில்லி வாங் ஃபில்மோரும் இதையே எழுதினார்: மொழிபெயர்ப்பு வரும் என்று தெரிந்த பிள்ளைகள் தாங்கள் கற்க வேண்டிய மொழியைக் காதில் வாங்குவதில்லை. இன்னொரு பக்கம், தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளை எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டுச் சலிக்கிறது.

உங்கள் வகுப்பில் இது நடக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு பாடத்தில், முன்னறிவிப்பின்றி, ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் ஆங்கிலத்தை விட்டுவிடுங்கள். தமிழில் சொல்லிவிட்டு மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். யார் அசைகிறார்கள், யார் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். முகத்தைப் பார்ப்பவர்கள் ஆங்கிலத்துக்காகக் காத்திருக்கிறார்கள். சிலர் வாய்விட்டே ஆங்கிலத்தில் கேட்டுவிடுவார்கள்.

நான்காவது அளவுகோலில் இந்த வழி முற்றிலும் தோற்கிறது. எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் உண்டு என்பதுதான் இதன் விதி. எதை முதலில் குறைப்பது என்று முடிவுசெய்ய அதற்குள் இடமே இல்லை.

அப்படியென்றால் இதை எப்போது பயன்படுத்துவது? தவறு நடந்தால் தீங்கு வரும் இடங்களில். கற்றல் பயணத்துக்குச் சாலையைக் கடந்து போகும்போது, தேர்வு விதிகளைச் சொல்லும்போது, கத்தரிக்கோல் கொடுக்கும்போது. தொடக்கநிலை 1-இன் முதல் சில வாரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளியே புதிதாக இருக்கும் பிள்ளைக்கு மொழியைவிடப் பயம் போவதுதான் முதலில் தேவை.

## இரண்டாம் வழி: நடுவில் மட்டும் ஆங்கிலம்

தமிழ், ஆங்கிலம், மறுபடியும் அதே தமிழ். ஜெர்மானிய மொழிக் கல்வியாளர் வோல்ஃப்காங் புட்ஸ்காம் இதைச் சாண்ட்விச் முறை என்று அழைக்கிறார். நம் பாடத்தில் ஐந்தாவது கட்டளை இப்படி அமையும்:

"மூணு பொருள் வாங்கணும். பத்து வெள்ளிதான் இருக்கு. அதுக்கு மேல போகக்கூடாது."
(தாழ்ந்த குரலில், ஒரே முறை) "பை த்ரீ திங்ஸ், நாட் மோர் தேன் டென் டாலர்ஸ்."
"மூணு பொருள். பத்து வெள்ளி. மேல போகக்கூடாது."

பார்ப்பதற்கு முதல் வழியோடு ஒரு வரி கூடியது போலத்தான் தெரியும். ஆனால் பிள்ளையின் காதில் கடைசியாக நிற்பது தமிழ். அந்த நேரத்தில் பொருளும் தெரிந்துவிட்டது. முதல் முறை ஒலியாக மட்டும் கேட்ட வாக்கியத்தைப் பிள்ளை இப்போது பொருளோடு கேட்கிறது. முதல் வழியில் அந்த வாய்ப்பு ஒருபோதும் வருவதில்லை. தமிழ் காதில் விழுந்தபோது பொருள் தெரியவில்லை, பொருள் தெரிந்தபோது தமிழ் முடிந்துபோயிருந்தது.

இந்த வழியைக் கெடுப்பவை இரண்டு. முதலாவது, மூன்றாவது வரியை விட்டுவிடுவது. ஆங்கிலம் சொன்னதும் பிள்ளைகள் பரபரவென்று வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஆசிரியருக்கும் 'புரிந்துவிட்டதே' என்று தோன்றும். அந்தக் கணத்தில் இது முதல் வழியாக மாறிவிடுகிறது. ஆகவே திட்டத்தில் மூன்று வரியையும் எழுத வேண்டும். "ஆங்கிலத்தில் விளக்குக" என்று பொதுவாக எழுதினால் மூன்றாவது வரி நிச்சயம் காணாமல் போகும். மூன்றாவது வரி முடியும்வரை யாரும் பென்சில் எடுக்கக்கூடாது என்பதற்கு ஒரு சைகையையும் பழக்கிவிடுங்கள். நான் கையைத் தூக்கிப் பிடித்திருப்பேன். இறக்கினால்தான் தொடங்கலாம். கை இறங்குவது தமிழ் வரிக்குப் பிறகு.

இரண்டாவது, எல்லாக் கட்டளைக்கும் இதைச் செய்வது. ஐந்துக்கும் செய்தால் பதினைந்து வரி. பிள்ளைகள் மறுபடியும் ஆங்கிலத்துக்குக் காத்திருக்கப் பழகுவார்கள். எந்தக் கட்டளைக்கு ஆங்கிலம் வரும், எதற்கு வராது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியாதபோதுதான் தமிழைக் கவனித்துக் கேட்கும்.

மறைந்திருக்கும் செலவு தயாரிப்பு நேரம். எது கடினமான கட்டளை என்று முதல் நாளே உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். பழகும்வரை ஒரு பாடத்துக்கு இருபது நிமிடமாவது கூடுதலாகும். பழகிய பிறகு குறைந்துவிடும், ஏனென்றால் கட்டளைகள் பாடத்துக்குப் பாடம் திரும்பத் திரும்ப வருபவை.

நான்காவது அளவுகோலில் இந்த வழி எல்லாவற்றையும்விட மேல். நடு வரியை மட்டும் உருவிவிடலாம். முதல் வாரம் மூன்று வரி. அடுத்த வாரம் ஆங்கிலத்துக்குப் பதில் செய்கை. அதற்கடுத்து தமிழ் மட்டும். இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு: சொற்றொடர் மாறக்கூடாது. இந்த வாரம் "ரெண்டு ரெண்டு பேரா", அடுத்த வாரம் "ஜோடியா", அப்புறம் "இணையராக" என்று மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஆங்கிலம் தேவைப்படும். சொல்வளம் வளர்க்கும் இடம் பாடப்பகுதி. கட்டளையில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் நல்லது.

## மூன்றாம் வழி: முன்னும் பின்னும் ஆங்கிலம், நடுவில் தமிழ் மட்டும்

ஒரு மணி நேரத்தின் முதல் ஐந்து நிமிடம், நடக்கப்போவதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவது. நடுவில் ஐம்பது நிமிடம் முழுக்கத் தமிழ். கடைசி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் திரும்பிப் பார்ப்பது. அமெரிக்க இருமொழி வகுப்புகளில் நெடுங்காலமாகப் புழங்கும் முறை இது. திட்டத்தில் இதை எழுதுவதுதான் ஆகச் சுலபம்: மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம்.

நீளமான தமிழ்ப் பகுதி கிடைப்பது இதன் பெரிய பலம். ஆசிரியரின் வாயில் மொழி மாறி மாறி வராதபோது வகுப்பும் தமிழிலேயே ஊறிவிடுகிறது. ஒரு வாசிப்புப் பகுதி அல்லது கதை என்றால் நான் யோசிக்காமல் இந்த வழியைத்தான் எடுப்பேன். கதையின் சூழலை முன்பே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால், தமிழைக் கேட்கும்போது அது எங்கே போகிறது என்று பிள்ளைக்குத் தெரியும்.

ஆனால் நம் சந்தை விளையாட்டு போன்ற, பல படிகள் கொண்ட நடவடிக்கைக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் சொன்ன ஐந்து விதிகளை இருபது நிமிடம் கழித்து எட்டு வயதுப் பிள்ளை நினைவில் வைத்திருக்காது. அப்போது நடுப்பகுதியில் ஆங்கிலம் ஒழுகும். முதலில் பிள்ளைகளிடம், பிறகு ஆசிரியரிடம். ஒழுகிய ஆங்கிலம் திட்டத்தில் இல்லாதது. அதில் மூன்றாவது தமிழ் வரியும் இருக்காது. தாமதமாக வந்த பிள்ளைக்கு முன்னுரையே கிடைத்திருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. தமிழில் நடந்ததைப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லும்போது, புரியாமல் இருந்ததா, புரிந்தும் சொல்ல வரவில்லையா என்று நமக்குத் தெரிகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தக்காளி வாங்கியதை ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்கிறது, தமிழில் சொல்ல முடியவில்லை என்றால், அதற்கு வேண்டியது "இது வேணாம், அது குடுங்க" என்ற வாக்கியப் பயிற்சி. ஆங்கிலத்திலும் சொல்லத் தெரியாமல் விழித்தால், கட்டளையே போய்ச் சேரவில்லை. ஒரு மொழியில் உள்வாங்கி இன்னொரு மொழியில் வெளிப்படுத்துவதைத் திட்டமிட்டுச் செய்யலாம் என்று 1990-களில் வேல்ஸில் கென் வில்லியம்ஸ் வகுத்த முறையும் இந்த வகையைச் சேர்ந்ததே. அங்கே வேல்ஸ் மொழி, ஆங்கிலம் என இரு திசையிலும் போனார்கள். நம்முடையது தமிழ்ப் பாடம். எனவே பேசிப் பழகும் நேரம் முழுவதையும் தமிழுக்கு வைத்துக்கொண்டு, சோதிப்பதற்கு மட்டும் ஆங்கிலத்தை எடுப்பது நல்லது.

வாயால் தமிழ் மட்டும் பேசி, திரையில் ஆங்கிலத்தைப் போட்டுவிடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. ஆங்கிலம் வேகமாக வாசிக்கும் பிள்ளைகள் திரையை முடித்துவிட்டுக் காதை மூடிக்கொள்வார்கள். திரையில் படம் போடுங்கள், அது போதும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | உடனுக்குடன் மொழிபெயர்ப்பு | நடுவில் மட்டும் ஆங்கிலம் | முன்னும் பின்னும் ஆங்கிலம் |
|---|---|---|---|
| வேலை சரியாகத் தொடங்குமா | ஆம் | ஆம் | முதல் படிகள் மட்டும் |
| எதைக் கேட்டுத் தொடங்குகிறார்கள் | ஆங்கிலம் | பொருள் தெரிந்த தமிழ் | நினைவில் உள்ள ஆங்கிலம், பிறகு தமிழ் |
| தயாரிப்பு நேரம் | குறைவு | அதிகம், பிறகு குறையும் | மிகக் குறைவு |
| ஆங்கிலம் குறைய இடம் | இல்லை | கட்டளை கட்டளையாகக் குறைக்கலாம் | முன்னுரையைச் சுருக்கலாம் |
| பொருந்தும் இடம் | பாதுகாப்பு, தேர்வு விதி, முதல் வாரங்கள் | பல படிகள் கொண்ட நடவடிக்கை | கதை, வாசிப்பு, காணொளி |

## என் தேர்வு, எழுதிய வடிவில்

சந்தைப் பாடத்துக்கு நான் எழுதுவது இரண்டாம் வழி. ஆனால் ஐந்தில் இரண்டு கட்டளைக்கு மட்டும். கடைசி ஐந்து நிமிடத்தை மூன்றாம் வழியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். திட்டத்தின் நடவடிக்கைப் பகுதி இப்படி இருக்கும்:

கட்டளை 1: தமிழ். இரண்டு நாற்காலியைச் சேர்த்துக் காட்டுக.
கட்டளை 2: தமிழ். அட்டையை மார்போடு அணைத்துக் காட்டுக.
கட்டளை 3: தமிழ், ஆங்கிலம், தமிழ். உடனே கேட்க: "யாரு விலை கேப்பாங்க? வாங்குறவரா, விக்கிறவரா?"
கட்டளை 4: தமிழ். பலகையில் ஒரு விலையை எழுதிக் காட்டுக.
கட்டளை 5: தமிழ், ஆங்கிலம், தமிழ். உடனே கேட்க: "பதினொரு வெள்ளிக்கு வாங்கலாமா?"
வேலை தொடங்கிய ஐந்தாவது நிமிடம்: 10 வெள்ளி 50 காசு என்று எழுதிய தாள்களைத் தேடுக.

கட்டளை 3-க்கும் 5-க்கும் பின்னால் வரும் கேள்விகளைக் கவனியுங்கள். ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம், விடையும் தமிழில்தான் வரும். "வாங்குறவர்" என்று வகுப்பு சேர்ந்து சொல்லும்போது பேசத் தயங்கும் பிள்ளையும் அந்தச் சொல்லை வாயில் போட்டுப் பார்த்துவிடுகிறது. யாராவது "விக்கிறவர்" என்றால், நடவடிக்கை தொடங்குமுன்பே பிழையைப் பிடித்துவிட்டீர்கள்.

தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தத் திட்டத்தில் என்ன வேலை என்ற கேள்வி வரும். மூன்றாவது வரியை, அதாவது திரும்பச் சொல்லும் தமிழை, அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் ஆங்கிலம் சொல்லி முடித்ததும் அந்தப் பிள்ளை எழுந்து தமிழில் சொல்லும். தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளை "டாலர்" என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "வெள்ளி" என்று திருத்துவார். அதுவும் நல்லதுதான்.

திட்டத்தின் ஓரத்தில் ஒரு குறுகிய பத்தியை விட்டுவைத்து, தலைப்பாக "ஆங்கிலம் விலகும் வாரம்" என்று எழுதுகிறேன். கட்டளை 3-க்கு எதிரே இரண்டாம் வாரம், கட்டளை 5-க்கு எதிரே நான்காம் வாரம். நிபந்தனை கொண்ட கட்டளைகள் மெதுவாகத்தான் பழகும், அதனால் இந்த இடைவெளி. இரண்டாம் வாரம் வந்ததும் ஆங்கிலம் இல்லாமல் கட்டளை 3-ஐச் சொல்லி, ஐந்து எண்ணிப் பார்க்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் அசைந்தால் ஆங்கிலத்தை அடித்துவிடுவேன். அசையாவிட்டால் வாரத்தைத் திருத்தி எழுதுவேன். மாற்றாசிரியர் வரும் நாளில் இந்தப் பத்தி இன்னும் முக்கியம். எந்தக் கட்டளைக்கு இனிமேல் ஆங்கிலம் கூடாது என்று அவருக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை.